முன்மொழிவுக் கோரிக்கைக்குப் பதில் எழுதுவது எப்படி? வடசென்னையின் சிறு குழுக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோரிக்கை கைக்கு வந்துவிட்டது. எங்கிருந்து எழுதத் தொடங்குவது?

முதல் நாளில் ஒரு வரியும் எழுத வேண்டாம். ஆர்.எஃப்.பி. என்று அலுவலகங்களில் சொல்லப்படும் முன்மொழிவுக் கோரிக்கையை அச்செடுத்து, அதில் "வேண்டும்", "கட்டாயம்", "இணைக்கப்பட வேண்டும்", "மிகாமல்" என்ற சொற்கள் வரும் இடங்களையெல்லாம் கோடிட்டு, ஒவ்வொன்றையும் ஓர் அட்டவணையில் தனி வரியாக எழுதுங்கள். கோரிக்கையின் பக்க எண், அது கேட்பது என்ன, நமது பதில் எந்தப் பிரிவில் எந்தப் பக்கத்தில் வரும், அதற்கு யார் பொறுப்பு என்று நான்கு பத்திகள் போதும். பிற்சேர்க்கைகளையும் விடாமல் படிக்க வேண்டும். கையொப்பமிட வேண்டிய உறுதிமொழிப் படிவங்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், விடுபடுவதும் அவைதான்.

இந்தப் பக்கம் முழுவதற்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். இராயபுரத்தில் இயங்கும் ஒரு தொண்டு நிறுவனம், காசிமேட்டைச் சுற்றியுள்ள மீனவக் குடும்பங்களின் வருமானத்தையும் கடனையும் அறிய 400 வீடுகளில் அடிப்படை ஆய்வு நடத்த முன்மொழிவு கோருகிறது. பணி ஏப்ரல் 1 அன்று தொடங்கி 12 வாரங்களில் முடிய வேண்டும். தொழில்நுட்ப முன்மொழிவு 15 பக்கங்களுக்கு மிகாமல் ஒரு கோப்பாகவும், விலை முன்மொழிவு தனிக் கோப்பாகவும் அனுப்பப்பட வேண்டும். தொழில்நுட்பப் பகுதிக்கு நூறு மதிப்பெண்: தேவையைப் புரிந்துகொண்டதற்கு 15, செயல்முறைக்கு 30, காலத் திட்டத்திற்கு 10, குழுவிற்கு 25, முன் அனுபவத்திற்கு 20. அறுபதுக்குக் கீழே பெற்றவரின் விலைக் கோப்பு திறக்கப்படாது. பதில் எழுதப்போவது பெரம்பூரில் உள்ள ஒரு சிறிய ஆய்வுக் குழு.

இந்த மதிப்பெண் பட்டியலே நீங்கள் எழுதப்போகும் ஆவணத்தின் வரைபடம். முப்பது மதிப்பெண் உள்ள செயல்முறைக்கு ஐந்து பக்கமும், பத்து மதிப்பெண் உள்ள காலத் திட்டத்திற்கு ஒன்றரைப் பக்கமும் ஒதுக்குவது நியாயம். ஆனால் எனக்கு வந்து சேரும் வரைவுகள் பலவற்றில் நிறுவனத்தின் வரலாறு மட்டுமே நான்கு பக்கம் இருக்கும். அதற்கென்று மதிப்பெண் பட்டியலில் ஒரு வரிகூட இருக்காது.

தலைப்புகளின் வரிசை எங்களுக்குப் பொருந்தவில்லை. மாற்றி எழுதலாமா?

மாற்ற வேண்டாம். மதிப்பீட்டுக் குழுவில் உள்ளவர் கையில் மதிப்பெண் தாளை வைத்துக்கொண்டு படிக்கிறார். "3.2 மாதிரித் தேர்வு" என்று அவர் தாளில் இருந்தால், உங்கள் ஆவணத்திலும் அதே எண்ணும் அதே சொற்களும் இருக்க வேண்டும். ஒரே செய்தி இரண்டு தலைப்புகளின் கீழ் கேட்கப்பட்டிருந்தால் இரண்டு இடத்திலும் சுருக்கமாகவேனும் எழுதுங்கள், ஏனெனில் குழு உறுப்பினர்கள் பிரிவுகளைப் பங்கிட்டுக்கொண்டு படிப்பதும் உண்டு.

"தேவையைப் புரிந்துகொண்ட விதம்" என்ற பிரிவில் என்ன எழுதுவது? அவர்கள் எழுதியதையே திரும்ப எழுதுவதுபோல் இருக்கிறது.

அப்படித் திரும்ப எழுதியவர்களுக்குத்தான் பதினைந்தில் ஆறோ ஏழோ கிடைக்கிறது. கோரிக்கையில் சொல்லப்படாததும், ஆனால் பணியின் முடிவை மாற்றக்கூடியதுமான செய்திகளை உங்கள் கள அறிவிலிருந்து எடுத்து வைப்பதுதான் இந்தப் பிரிவின் வேலை.

நமது எடுத்துக்காட்டில் மூன்று செய்திகளைச் சொல்லலாம். முதலாவது, வீட்டில் யார் எப்போது இருப்பார்கள் என்பது. மீன் வாங்கி விற்கும் பெண்கள் விடியுமுன்பே துறைமுகத்துக்குப் போய், கூடையுடன் சந்தைக்குச் சென்று, நண்பகலுக்குப் பிறகே வீடு திரும்புகிறார்கள். காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டும் கணக்கெடுப்பாளர் முதியவர்களையும் குழந்தைகளையும்தான் சந்திப்பார், குடும்பக் கடனைப் பற்றிய கேள்விக்கு அவர்களிடமிருந்து பதில் வராது. இரண்டாவது, முகவரி. பெயர்ப்பட்டியலில் காசிமேடு என்று இருக்கும் குடும்பம் இன்று எர்ணாவூரிலுள்ள சுனாமிக் குடியிருப்பில் வசிக்கக்கூடும், ஆனால் தொழில் மட்டும் இன்னும் காசிமேட்டில் நடக்கும். அந்தக் குடும்பம் ஆய்வுக்குள் வருமா, வராதா என்பதை முதலிலேயே வரையறுக்காவிட்டால் மாதிரி பாதியில் சிதறிப்போகும்.

மூன்றாவதுதான் மிக முக்கியமானது. தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 1 அன்று பணி தொடங்கி, வினாத்தாள் தயாரிக்கவும் அனுமதி பெறவும் இரண்டு வாரம் போனால், களப்பணி சரியாகத் தடை தொடங்கும் நாளில் ஆரம்பமாகிறது. "கடந்த முப்பது நாள் வருமானம் என்ன?" என்று அப்போது கேட்டால், நாள் செல்லச் செல்ல விசைப்படகுத் தொழிலாளியின் விடை சுழியை நெருங்கும், நாட்டுப்படகில் செல்பவரின் விடை அப்படி இருக்காது. இந்த எண்களை அடிப்படையாக வைத்து, தடை இல்லாத ஒரு மாதத்தில் மறு ஆய்வு செய்தால், திட்டம் எதுவுமே செய்யாமல் இருந்தாலும் வருமானம் பலமடங்கு உயர்ந்ததாகத் தெரியும். கோரிக்கையை எழுதியவர்களுக்கு இது தோன்றாமல் போயிருக்கலாம். இதைப் பணிவாக எடுத்துச்சொல்லி, அதற்கான வழியையும் அடுத்த பிரிவில் காட்டும் குழுவைத்தான் மதிப்பீட்டாளர் நினைவில் வைத்துக்கொள்வார்.

கோரிக்கையிலேயே இப்படிக் குறை இருந்தால், நாங்களே தேதியை மாற்றி எழுதிக்கொடுக்கலாமா?

கூடாது. நிபந்தனையை மாற்றி எழுதிய முன்மொழிவு "பொருந்தாதது" என்று தள்ளப்பட வாய்ப்புண்டு. ஐயங்களை எழுத்தில் கேட்பதற்கென்று ஒரு கடைசித் தேதியும், சில வேளைகளில் ப்ரீ-பிட் எனப்படும், முன்மொழிவு அனுப்புவதற்கு முந்தைய விளக்கக் கூட்டமும் கோரிக்கையில் குறிக்கப்பட்டிருக்கும். அந்த வாய்ப்பைப் பயன்படுத்துங்கள். கேள்வியை, அவர்கள் ஒரே வரியில் பதில் சொல்லக்கூடிய விதத்தில் எழுதுவது நல்லது: "பக்கம் 7, பத்தி 4.1இல் குறிப்பிட்ட கால அட்டவணைப்படி களப்பணி தடைக்காலத்துக்குள் அமைகிறது. வருமானக் கேள்விகளுக்குத் தடைக்கு முந்தைய மூன்று மாதங்களை ஆதார காலமாகக் கொள்ளலாமா, அல்லது களப்பணியை ஜூன் 15க்குப் பின் தொடங்க அனுமதி உண்டா?" என்பதுபோல.

பதில் பெரும்பாலும் எல்லாப் போட்டியாளர்களுக்கும் பொதுவாக அனுப்பப்படும். நமது நுணுக்கம் மற்றவர்களுக்கும் தெரிந்துவிடுமே என்று தயங்கி, கேட்காமல் இருந்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு அந்தக் குறை உங்கள் தலையில்தான் விழும். பதில் வராவிட்டாலோ, "கோரிக்கையில் உள்ளபடியே" என்று வந்தாலோ, அவர்கள் கேட்ட காலத்துக்கே திட்டத்தை எழுதுங்கள். அந்தத் திட்டத்துக்குள் ஆதார காலத்தை ஜனவரி முதல் மார்ச் வரை என்று வைத்து, தடைக்கால நிவாரணத் தொகையைத் தனி வருமான வரியாகப் பதிவு செய்வோம் என்று சொல்லுங்கள். இது செயல்முறைக்குள் அடங்கும் முடிவு என்பதால் எந்த நிபந்தனையையும் மீறாது.

செயல்முறையையும் காலத் திட்டத்தையும் எவ்வளவு விரிவாக எழுத வேண்டும்?

படிப்பவர் உங்கள் எண்களைத் தாமே கூட்டிச் சரிபார்க்கும் அளவுக்கு எழுத வேண்டும். "அனுபவம் வாய்ந்த கணக்கெடுப்பாளர்களைக் கொண்டு தரமான முறையில் தகவல் திரட்டப்படும்" என்ற வாக்கியத்துக்கு எந்த மதிப்பீட்டாளராலும் மதிப்பெண் போட முடியாது.

ஒரு நேர்காணலுக்கு 45 நிமிடம் ஆகிறது. பெண்கள் வீட்டில் இருக்கும் பிற்பகல் இரண்டு மணி முதல் மாலை ஏழு மணி வரை மட்டுமே வேலை செய்தால், தெருக்களில் நடக்கும் நேரத்தையும் கழித்து, ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து வீடுகளை முடிக்கலாம். நான்கு பேர் சேர்ந்து இருபது வீடு, ஆகவே நானூறு வீட்டுக்கு இருபது நாள். பூட்டியிருந்த வீடுகளுக்கு மறுபடி செல்ல நான்கு நாள். பயிற்சிக்கும் முன்னோட்டத்துக்கும் இரண்டு நாள். மொத்தம் 26 நாள், நான்கு பேருக்கு 104 ஆள்நாள். வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றால் இது நான்கு வாரத்தைச் சற்றே தாண்டும், எனவே காலத் திட்டத்தில் களப்பணிக்கு ஐந்து வாரம். இதற்கு முன்னே இரண்டு வாரம் தயாரிப்பு, பின்னே மூன்று வாரம் பகுப்பாய்வு, கடைசி இரண்டு வாரம் வரைவறிக்கைக்கும் திருத்தத்துக்கும்.

இந்த 104 என்ற எண்தான் ஆவணம் முழுவதையும் கட்டிப்போடும் நூல். செயல்முறையில் 104 என்றும், குழு அட்டவணையில் 96 என்றும், விலைத் தாளில் 110 என்றும் இருந்தால், மூன்று பிரிவுகளை மூன்று பேர் எழுதி யாரும் முழுதாகப் படிக்கவில்லை என்பது உடனே தெரிந்துவிடும். அனுப்புவதற்கு முந்தைய நாள், எழுதாத ஒருவரை அழைத்து, எண்களை மட்டும் முதலிலிருந்து கடைசி வரை பார்க்கச் சொல்லுங்கள்.

தொண்டு நிறுவனங்கள் இப்போது தகவல் பாதுகாப்பையும் ஒரு பிரிவாகக் கேட்கின்றன. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பெயரை மட்டும் எழுதிவிட்டு நகராதீர்கள். ஒப்புதல் படிவம் தமிழில் வாசித்துக்காட்டப்படும், பெயரும் கைப்பேசி எண்ணும் வருமான விவரங்களிலிருந்து பிரித்துத் தனிக் கோப்பில் வைக்கப்படும், அந்தக் கோப்பை இன்னார் மட்டுமே திறக்க முடியும், இத்தனை மாதத்தில் அழிக்கப்படும் என்று நடப்பதைச் சொல்லுங்கள். கந்துவட்டிக் கடனைப் பற்றிக் கேட்கப்போகும் ஓர் ஆய்வில் இது சம்பிரதாயம் அல்ல, பதில் சொன்னவரின் பாதுகாப்பு.

நாங்கள் ஐந்து பேர் மட்டுமே. முன் அனுபவத்திலும் குழுவிலும் மதிப்பெண் வாங்க முடியுமா?

முதலில் தகுதி நிபந்தனையையும் மதிப்பெண் அளவுகோலையும் பிரித்துப் பாருங்கள். "கடந்த மூன்று ஆண்டுகளில் இதுபோன்ற இரண்டு பணிகளை முடித்திருக்க வேண்டும்" என்பது தகுதி நிபந்தனையாக இருந்து, உங்களிடம் ஒன்றுதான் இருந்தால், எவ்வளவு அழகாக எழுதினாலும் பயனில்லை. கூட்டாகப் பங்கேற்க அனுமதி இருந்தால் தகுதியுள்ள ஒரு நிறுவனத்துடன் எழுத்துப்பூர்வமான உடன்பாடு செய்துகொண்டு செல்லலாம், இல்லாவிட்டால் அந்த வாரத்தை வேறு வேலைக்குச் செலவிடுவது நல்லது. மதிப்பெண் அளவுகோல் மட்டும் என்றால் தயங்க வேண்டியதில்லை.

அனுபவப் பிரிவில் இருபது பணிகளைப் பட்டியலிடுவதைவிட, கேட்கப்பட்ட வேலைக்கு நெருக்கமான மூன்றை எடுத்து, யாருக்காக, எந்த ஆண்டு, எத்தனை வீடு, என்ன சிக்கல் வந்தது, எப்படித் தீர்ந்தது என்று எழுதிப் பணி நிறைவுச் சான்றை இணையுங்கள். வியாசர்பாடியில் 150 வீடுகளில் செய்த ஒரு சிறு ஆய்வு, வேறு மாநிலத்தில் 5,000 வீடுகளில் செய்ததைவிட இங்கே பொருத்தமானதாக அமையும். தன்விவரக் குறிப்புகள் கோரிக்கை தந்த படிவத்திலேயே, உரியவரின் கையொப்பத்துடன் இருக்க வேண்டும். ஒருமுறை எங்கள் குழுவின் முதன்மை ஆய்வாளர் வெளியூரில் இருந்ததால் கையொப்பமில்லாத குறிப்பை இணைத்து அனுப்பினோம். அந்த ஒரே காரணத்துக்காக ஐந்து மதிப்பெண் கழிக்கப்பட்டது. அந்த ஐந்தின் விலையைக் கீழே கணக்கிட்டுக் காட்டுகிறேன்.

விலை முன்மொழிவை எப்படி அமைப்பது?

அலகு, எண்ணிக்கை, விகிதம் மூன்றும் தெரியும்படி. நமது பெரம்பூர்க் குழுவின் தாள் இப்படி இருக்கும்:

| செலவு | கணக்கு | ரூபாய் |
|---|---|---|
| கணக்கெடுப்பாளர்கள் | 104 ஆள்நாள் × 1,200 | 1,24,800 |
| மேற்பார்வையாளர் | 26 நாள் × 1,800 | 46,800 |
| முதன்மை ஆய்வாளர் | 30 நாள் × 4,000 | 1,20,000 |
| தரவுப் பகுப்பாய்வாளர் | 12 நாள் × 3,000 | 36,000 |
| உள்ளூர்ப் பயணம் | 5 பேர் × 26 நாள் × 150 | 19,500 |
| அச்சு, சிறு செலவுகள் | மொத்தமாக | 12,900 |
| நிர்வாகச் செலவு | மேற்கண்ட 3,60,000இல் 10% | 36,000 |
| வரிக்கு முந்தைய மொத்தம் | | 3,96,000 |
| ஜி.எஸ்.டி. 18% | | 71,280 |
| மொத்தம் | | 4,67,280 |

வரியை எப்போதும் தனி வரியில் காட்டுங்கள். ஒப்பீடு வரிக்கு முந்தைய தொகையிலா, பிந்தைய தொகையிலா என்பது கோரிக்கைக்குக் கோரிக்கை மாறும். பொருள் எதுவும் வழங்காத தூய சேவையை ஓர் உள்ளாட்சி அமைப்பின் அரசியலமைப்புச் சட்டப்படியான பணிகள் தொடர்பாக அதற்கே செய்யும்போது ஜி.எஸ்.டி. விலக்கும் உண்டு என்பதால், அப்படிப்பட்ட பணிக்கு உங்கள் கணக்காளரிடம் கேட்காமல் 18 விழுக்காட்டைச் சேர்த்துவிடாதீர்கள். நிர்வாகச் செலவு வரியையும் ஒளிக்க வேண்டாம். வெளிநாட்டு நிதி பெறும் தொண்டு நிறுவனத்துக்கு, அந்த நிதியில் நிர்வாகத்துக்காகச் செலவிடும் பங்கு 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் சட்டம் இருக்கிறது, ஆகவே தெளிவாகப் பிரித்த தாள் அவர்கள் கணக்குக்கும் உதவும்.

விலை பற்றிய எந்த எண்ணும் தொழில்நுட்பக் கோப்புக்குள் போகக்கூடாது. ஆள்நாள் எண்ணிக்கை இருக்கலாம், ஆள்நாள் கூலி இருக்கக்கூடாது. பழைய பணியின் சான்றை இணைக்கும்போது அதிலுள்ள தொகை வேறு செய்தி, அதனால் சிக்கல் இல்லை. ஆனால் இந்தப் பணிக்கான விலை ஓர் அடிக்குறிப்பில் கசிந்தாலும் முழு முன்மொழிவையும் நிராகரிக்க இடமுண்டு.

விலையைக் குறைத்தால் வேலை நமக்குத்தானே கிடைக்கும்?

குறைந்த விலைக்கே பணி என்று கோரிக்கை சொன்னால் அப்படித்தான். ஆனால் தரத்துக்கும் விலைக்கும் 70:30 என்று எடை கொடுத்திருந்தால் கணக்கு வேறு. தொழில்நுட்ப மதிப்பெண்ணை 0.7ஆல் பெருக்க வேண்டும். மிகக் குறைந்த விலையை உங்கள் விலையால் வகுத்து, நூறால் பெருக்கி, 0.3ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும்.

மூன்று பேர் போட்டியிட்டதாகக் கொள்வோம். நமக்கு 83 மதிப்பெண், விலை 3,96,000. இரண்டாமவருக்கு 74, விலை 3,20,000. மூன்றாமவருக்கு 88, விலை 4,60,000. நமது மொத்தம் 58.1 + 24.2, அதாவது 82.3. மிகக் குறைந்த விலை கேட்டவருக்கு 51.8 + 30 = 81.8. மிக அதிகம் கேட்டவருக்கு 61.6 + 20.9 = 82.5. பணி அவருக்குப் போகிறது.

இப்போது நமக்கு ஒரே ஒரு தொழில்நுட்ப மதிப்பெண் கூடுதலாகக் கிடைத்திருந்தால் 83.0 ஆகி வென்றிருப்போம். அதே 0.7 புள்ளியை விலைக் குறைப்பால் பெற ஏறத்தாழ 11,000 ரூபாயை விட்டுக்கொடுக்க வேண்டும். கையொப்பமில்லாத தன்விவரக் குறிப்பால் போன ஐந்து மதிப்பெண்ணுக்கு ஈடு, ஏறத்தாழ 50,000 ரூபாய். அது கணக்கெடுப்பாளர்களின் மொத்தக் கூலியில் ஐந்தில் இரண்டு பங்கு. குறைத்தால் யாருடைய கூலியில் குறையும் என்பதை எண்ணிப் பார்த்துவிட்டு, முதலில் கையொப்பங்களைச் சரிபாருங்கள்.

கேட்பது அரசு அலுவலகம் என்றால் என்ன மாறும்?

எழுத்து அதிகம் மாறாது, சமர்ப்பிக்கும் முறை மாறும். மாநகராட்சியின் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, இராயபுரம் போன்ற மண்டலங்களிலோ ஒரு துறையிலோ வரும் ஒப்பந்தப்புள்ளிகளுக்கு 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000ஆம் ஆண்டின் விதிகளும் பொருந்தும். tntenders.gov.in தளம் வழியாக அனுப்ப வேண்டியிருந்தால் டிஜிட்டல் கையொப்பச் சாதனத்தை முன்கூட்டியே வாங்கிப் பதிவு செய்துகொள்ளுங்கள், அதைக் கடைசி வாரத்தில் தேடக்கூடாது. ஒப்பந்தப்புள்ளியுடன் பிணையாகக் கட்டும் முன்வைப்புத் தொகையிலிருந்து சிறு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டா, அதற்கு எந்தச் சான்று என்பதை அந்தக் குறிப்பிட்ட ஆவணத்தில் மட்டுமே பாருங்கள். போன முறை கிடைத்தது என்ற நினைவை நம்ப வேண்டாம்.

விலையை நிரப்பத் தரப்படும் எக்செல் கோப்பின் பெயரை மாற்றாமல் அப்படியே பதிவேற்ற வேண்டும். எல்லாக் கோப்புகளையும் ஏற்றியபின் `Freeze Bid Submission` என்ற பொத்தானை அழுத்தி, வரும் ஒப்புகையைச் சேமிக்க வேண்டும். கோப்புகளை ஏற்றியதோடு வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டவர்களின் முன்மொழிவு சமர்ப்பிக்கப்பட்டதாகவே கொள்ளப்படாது. கணக்கில் வருவது தளத்தின் கடிகாரம், நமது கைக்கடிகாரம் அல்ல. மாலை நான்கு மணி கெடு என்றால் முந்தைய நாளே முடித்துவிடுங்கள். அன்று காலை ஒருமுறை தளத்தைத் திறந்து திருத்த அறிவிப்பு வந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம்.

தேர்வாகவில்லை. காரணத்தைக் கேட்கலாமா?

கேட்கலாம், கேட்க வேண்டும். தொண்டு நிறுவனத்துக்கு ஒரு மடல் எழுதி, பிரிவுவாரியாக நமது மதிப்பெண்ணை மட்டும் கேளுங்கள். மற்றவர்களுடைய விவரத்தைக் கேட்டால் பதிலே வராமல் போகலாம். அரசு அலுவலகம் என்றால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பிக்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். முடிவே தவறு என்று கருதினால் 1998ஆம் ஆண்டுச் சட்டம் மேல்முறையீட்டுக்குத் தரும் காலம், உத்தரவு கிடைத்த நாளிலிருந்து பத்தே நாள். எனவே தகவல் விண்ணப்பத்தின் பதிலுக்குக் காத்திருந்து பிறகு முறையிடலாம் என்று இருந்துவிடாதீர்கள், அதற்குள் அந்தக் காலம் கடந்திருக்கும்.

வரும் மதிப்பெண் விவரத்தை, முதல் நாள் தயாரித்த அந்த அட்டவணையிலேயே ஐந்தாவது பத்தியாகச் சேர்த்துக் கோப்பில் வையுங்கள்.